வேலைக்கு முன் ஒரு மருத்துவப் பரிசோதனை

நேர்முகத் தேர்வில் வெற்றி பெற்றவருக்கு நிறுவனம் பணிநியமனக் கடிதம் அனுப்புகிறது. பதவி, சம்பளம், வேலையில் சேர வேண்டிய நாள் ஆகியவை அதில் இருக்கும். பல கடிதங்களில் இன்னொரு வரியும் இருக்கும்: ‘இந்நியமனம் மருத்துவப் பரிசோதனையின் முடிவுக்கு உட்பட்டது.’ மகிழ்ச்சியில் இருப்பவர் இவ்வரியை எளிதில் கடந்து விடுவார். ஆனால், பரிசோதனை முடிவு வரும்வரை அந்த வேலை உறுதியாகவில்லை என்பதே இதன் பொருள்.

எல்லா வேலைக்கும் ஒரே பரிசோதனை நடப்பதில்லை. உயரம், எடை, இரத்த அழுத்தம், கண்பார்வை, சிறுநீர் ஆகியவற்றைப் பெரும்பாலும் எல்லாருக்கும் பார்ப்பார்கள். காசநோய் போன்றவற்றைக் கண்டறிய நெஞ்சுப் பகுதியை எக்ஸ்-ரே எடுப்பதும் உண்டு. அதற்கு மேல் என்ன செய்வது என்பதைச் செய்யப்போகும் வேலைதான் தீர்மானிக்கிறது. உணவகத்தில் உணவைக் கையாள்பவர் டைஃபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இரைச்சல் மிகுந்த தொழிற்சாலையில் செவித்திறனைச் சோதிப்பார்கள். மின்கம்பிகளோடு வேலை செய்பவருக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு. ஆகவே, “பரிசோதனை உண்டா?” என்று மட்டும் கேட்டால் போதாது, “என்னென்ன சோதனைகள்? அவை வேலையின் எந்தப் பகுதிக்காக?” என்றும் ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் கேட்க வேண்டும்.

இக்கேள்வியை எப்போது கேட்பது என்பதும் முக்கியம். பட்டர்வொர்த்தில் ஒரு பேரங்காடியில் ஓராண்டாக வேலை செய்யும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவர் தொழிற்கல்லூரியில் மின்னியல் படித்தவர். பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலை, மின் பராமரிப்புத் தொழில்நுட்பர் பதவிக்கு அவரைத் தேர்ந்தெடுக்கிறது. கடிதம் மார்ச் 1ஆம் நாள் கிடைக்கிறது. ஏப்ரல் 7ஆம் நாள் வேலையில் சேர வேண்டும். மருத்துவப் பரிசோதனை பற்றிய அந்த ஒரு வரியும் கடிதத்தில் இருக்கிறது.

அவர் பேரங்காடியிலிருந்து விலக முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு காலவரை குறிப்பிடப்படாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் நான்கு வாரத்திற்கு முன் அறிவிக்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கூறுகிறது. எனவே, மார்ச் 10ஆம் நாளுக்குள் அவர் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்தாக வேண்டும். கடிதத்தைக் கொடுத்த பிறகு பரிசோதனையில் தடை ஏற்பட்டால், இருக்கும் வேலையும் போய்விடும். புதிய வேலையும் கிடைக்காது.

அவருக்கு ஒரு தயக்கமும் இருந்தது. கல்லூரிப் பட்டறையில் மின்தடைகளின் வண்ணக் கோடுகளைப் படிக்கும்போது, சிவப்பா பச்சையா என்று நண்பர்களிடம் கேட்டதுண்டு. ஆனால், அதற்காக மருத்துவரிடம் சென்றதில்லை.

அன்றே அவர் ஆள்சேர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அதன் சாரம் வருமாறு:

“பணிநியமனக் கடிதம் கிடைத்தது, மிக்க நன்றி. மருத்துவப் பரிசோதனை குறித்துச் சில விவரங்கள் தேவைப்படுகின்றன. அதில் என்னென்ன சோதனைகள் உள்ளன? நிறப்பார்வை, செவித்திறன் சோதனைகளும் உண்டா? எந்தக் கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும்? கட்டணத்தை யார் செலுத்துவார்கள்? முடிவு எத்தனை நாளில் தெரியும்? முடிவு தெரிந்த பிறகு என் பதவி விலகல் கடிதத்தைக் கொடுக்க விரும்புகிறேன்.”

தமக்கிருந்த ஐயத்தை அவர் மின்னஞ்சலில் குறிப்பிடவில்லை. அதிகாரி மருத்துவர் அல்லர். அவர் சொல்லக்கூடியது சோதனைகளின் பட்டியலும் நடைமுறையும்தான். உடல்நிலையைப் பற்றிய விவரங்களை மருத்துவரிடம் சொல்வதே முறை. அங்கு எதையும் மறைக்கக் கூடாது.

மறுநாள் பதில் வந்தது. நிறப்பார்வைச் சோதனையும் செவித்திறன் சோதனையும் உண்டு. நிறுவனம் குறிப்பிடும் கிளினிக்கில் செய்ய வேண்டும். கட்டணம் நிறுவனத்தைச் சேர்ந்தது. முடிவு ஐந்து நாளில் தெரியும். மார்ச் 3ஆம் நாள் பரிசோதனைக்குச் சென்றால், 8ஆம் நாள் முடிவு கிடைக்கும். கணக்கு நெருக்கமானதுதான், என்றாலும், போதுமானது.

பட்டியல் முன்கூட்டியே கிடைத்ததால் அவரால் தயாராகவும் முடிந்தது. செவித்திறன் சோதனைக்கு முன் காதுகளுக்கு ஓய்வு தேவை. முந்திய இரவு பேரொலி எழும் இடத்தில் இருந்தால், கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்து முடிவு தவறாகலாம். உட்கொள்ளும் மருந்துகளின் பெயரையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். ஏனெனில், சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீன் என்னும் பொருள், சிறுநீரில் போதைப்பொருள் இருப்பதுபோல் காட்டக்கூடும்.

கிளினிக்கில் மருத்துவர் அவரிடம் இஷிஹாரா அட்டைகளைக் காட்டினார். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட இச்சோதனையில், வண்ணப் புள்ளிகளுக்கிடையே எண்கள் மறைந்திருக்கும். முதல் அட்டையில் உள்ள 12 என்னும் எண்ணை எல்லாராலும் படிக்க முடியும். இளைஞரும் படித்தார். அடுத்து வந்த பல அட்டைகளில் அவருக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறன் அவருக்குப் பிறவியிலேயே குறைவு.

இது நோயன்று; பார்வைக் கூர்மையையும் பாதிப்பதில்லை. ஆனால், மலேசியாவின் மின்னிணைப்புகளில் மின்சாரம் பாயும் கம்பிகளுள் ஒன்று சிவப்பு. நில இணைப்புக் கம்பி பச்சை. ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே, நிறங்களை நம்பிச் செய்யும் மின்பணிக்கு மட்டும் அவர் பொருத்தமானவர் அல்லர் என்று மருத்துவர் எழுதினார். மற்றெல்லாச் சோதனைகளிலும் அவர் தகுதி பெற்றார்.

மின் பராமரிப்பு வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும், அவர் இன்னும் பேரங்காடியில்தான் இருந்தார்; சம்பளம் நிற்கவில்லை. அவர் அதிகாரியிடம் மீண்டும் ஒரு கேள்வி கேட்டார்: “நிறப்பார்வை தேவைப்படாத வேறு பணி உள்ளதா?” பம்புகளையும் சுழல்பட்டைகளையும் பழுதுபார்க்கும் இயந்திரப் பிரிவில் ஓரிடம் இருந்தது. அதற்கு அவர் புதிதாக நேர்முகத் தேர்வுக்குச் செல்ல வேண்டியிருந்தது.

பரிசோதனை ஆளைத் தள்ளிவிடுவதற்கு மட்டும் நடத்தப்படுவதில்லை. தொடக்கத்தில் பதிவான செவித்திறன் அளவு பின்னாளில் தொழிலாளிக்கே சான்றாகலாம். பத்தாண்டு இரைச்சலில் உழைத்தவரின் காது மந்தமானால், அக்குறை வேலையில் சேர்ந்த பிறகுதான் வந்தது என்பதை அப்பதிவு காட்டும். ஆகவே, முடிவின் நகல் ஒன்று தமக்குக் கிடைக்குமா என்பதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கையொப்பமிடும் முன் இன்னொன்றையும் கேட்க வேண்டும். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை நுண்மையான தகவலாகக் கருதுகிறது. பொதுவாக, உரியவரின் வெளிப்படையான ஒப்புதலோடுதான் அதைப் பயன்படுத்தலாம். கிளினிக்கில் தரப்படும் ஒப்புதல் படிவம் இதற்கானதே. முழு அறிக்கையும் நிறுவனத்திற்குப் போகிறதா, அல்லது ‘தகுதி உண்டு’, ‘தகுதி இல்லை’ என்னும் முடிவு மட்டும் போகிறதா என்பதை அப்படிவத்தைப் படித்தால் அறியலாம். அதில் தெளிவில்லையென்றால், கையொப்பமிடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.