எந்த இடத்தில் சறுக்கினீர்கள்?

2017 ஜனவரி 31. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற இணையச் சேவையில் ஒரு பொறியாளர் இரவு நேரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய தரவுத்தளம் இரண்டு சர்வர்களில் இருந்தது. ஒன்று முதன்மை, மற்றது அதன் நகல். நகல் சர்வர் பின்தங்கிப்போயிருந்ததால் அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம் என்று அழிக்கும் கட்டளையைத் தட்டினார். தட்டிய ஓரிரு நொடிகளில், தான் இருப்பது முதன்மை சர்வரில் என்று உறைத்தது. நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டும் மிஞ்சியிருந்தது.

பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அன்றாடம் எடுத்து வைத்ததாக நினைத்த இடம் காலி. பேக்கப் எடுக்கும் கருவி பழைய பதிப்பு, தரவுத்தளம் புதிய பதிப்பு. இரண்டும் ஒத்துவராமல் அந்த வேலை தினமும் பாதியில் நின்றிருக்கிறது. நின்றதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாமல் நிராகரிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் சேர்ந்தவை போனது போனதுதான்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது அந்த நிறுவனமே எழுதி வெளியிட்டதால். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பிறகு வந்த நீண்ட விளக்கத்தில் எந்தக் கட்டளை, எந்த சர்வர், பேக்கப் ஏன் காலி, அது ஏன் இத்தனை நாள் தெரியாமல் போனது என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். பொறியாளரின் பெயரைப் போடாமல் ‘டீம் மெம்பர் 1’ என்று மட்டும் குறித்தார்கள். அதைப் படிக்கும் எந்தக் கணினிப் பொறியாளருக்கும் அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்ல வேண்டாம். எழுந்து போய்த் தன் பேக்கப்பைத் திறந்து பார்ப்பார்.

லிங்க்டின் போன்ற தளங்களில் நாள்தோறும் வந்து விழும் தோல்விப் பதிவுகளில் இல்லாதது இதுதான். படித்து முடித்தால் எழுதியவர் மிகவும் கஷ்டப்பட்டார் என்பது தெரியும். எதில் சறுக்கினார் என்பது தெரியாது. அனுதாபம் கிடைக்கும், விருப்பக் குறிகளும் கிடைக்கும். ஆனால் ‘இவரிடம் வேலையைக் கொடுக்கலாம்’ என்று ஒரு வாடிக்கையாளரோ மேலாளரோ நினைப்பதற்கு அதில் பிடிமானம் ஒன்றும் இராது.

இப்படி எழுதச் சொல்லித் தருபவர்கள் வழக்கமாக ஓர் ஆய்வை மேற்கோள் காட்டுவார்கள். 1966-இல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் செய்தது. கடினமான கேள்விகளுக்கு ஒருவர் பதில் சொல்லும் ஒலிப்பதிவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சில பதிவுகளில் அவர் 92 சதவீதம் சரியாகச் சொல்கிறார், சிலவற்றில் 30 சதவீதம். சிலவற்றின் முடிவில் காபியைத் தன் மேலேயே கொட்டிக்கொள்கிறார். கெட்டிக்காரர் கொட்டியபோது அவரைக் கேட்டவர்களுக்கு இன்னும் பிடித்துப்போனது. சுமாரானவர் கொட்டியபோது பிடிப்பு குறைந்தது.

தவறைச் சொன்னால் மதிப்பு கூடும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஆய்வு அளந்தது பிடித்திருக்கிறதா என்பதைத்தான், நம்பி வேலை கொடுப்பார்களா என்பதை அல்ல. கொட்டிய காபிக்கும் அவர் பதில் சொன்ன கேள்விகளுக்கும் சம்பந்தமும் இல்லை. தொழில் தவறு அப்படிப்பட்டதல்ல, அது நேரே நம் திறமையின் மேலேயே விழுகிறது. ஆகவே இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது எச்சரிக்கையை மட்டும்தான். நம் வேலை ஏற்கெனவே நன்றாக இருக்கிறது என்று தெரியாதவர் முன்னால் தோல்வியை மட்டும் வைத்தால், அவருக்குத் தெரிவதும் அது மட்டும்தான்.

2004-இல் பீட்டர் கிம்மும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. வரிக் கணக்காளர் வேலைக்கு ஒருவர் நேர்காணலுக்கு வருகிறார். முந்தைய வேலையில் தவறான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தார் என்று அவர்மேல் புகார். விதி தெரியாமல் செய்தார் என்ற நிலையில், மன்னிப்புக் கேட்டவர்மேல் நம்பிக்கை ஓரளவு மீண்டது. தெரிந்தே செய்தார் என்ற நிலையில், ஒப்புக்கொண்டது அவருக்கு உதவவில்லை. தெரியாததைக் கற்றுக்கொள்ளலாம், குணம் மாறாது என்று மக்கள் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. பதிவாக எழுத எந்தத் தோல்வியை எடுப்பது என்பதை இதை வைத்தே முடிவு செய்துவிடலாம். கணக்குத் தப்பியது, சோதிக்காமல் விட்டது, தவறாக மதிப்பிட்டது எல்லாம் எழுதத் தக்கவை. வாடிக்கையாளரிடம் பொய் சொன்னதும் அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொண்டதும் பாதிக்கப்பட்டவரிடம் நேரில் தீர்க்க வேண்டியவை. அவற்றை ஊரறிய எழுதிப் பேர் வாங்க நினைப்பது இரண்டாவது தவறு.

இனி எழுத்து வேலைக்கு வருவோம். திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு மெர்ச்சண்டைசரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே நின்று, சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை ஆர்டரை நகர்த்துபவர். அவருடைய முதல் முயற்சி இப்படி வருகிறது:

“தோல்விகள்தான் நம்மைச் செதுக்குகின்றன. சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய ஆர்டரில் எதிர்பாராத விதமாக ஷேடு பிரச்சினை ஏற்பட்டது. தூக்கமில்லாத இரவுகள். ஆனால் என் டீம் துணை நின்றது. தரத்தில் சமரசம் கூடாது என்பதை அன்று கற்றேன். இன்று நான் இருக்கும் இடத்துக்கு அந்தத் தோல்விதான் காரணம்.”

பிரச்சினை தானாக ‘ஏற்பட்டது’. யார் என்ன செய்ததால் என்பது இல்லை. பாடமோ எந்தத் தொழிலின் எந்தத் தவறுக்கும் பொருந்தும். தரத்தில் சமரசம் கூடாது என்பது அவருக்கு அதற்கு முன்பும் தெரிந்திருக்குமே! கடைசி வரி தோல்வியை மறந்து வெற்றியைச் சொல்லப் போய்விடுகிறது.

அவரிடம் உட்கார்ந்து, என்ன ஆனது என்று கேட்டால் வேறு கதை வரும். துணிக்கு நிறம் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு துணிகள் வெவ்வேறு சாயக் கலவையில் ஒரே நிறத்துக்கு வந்திருந்தால், பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும், கடை விளக்கில் வேறு வேறாகத் தெரியும். அதனால்தான் சாயத்தை ஓகே செய்பவர்கள் லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் துணியை வைத்து, டி65 என்ற பகல் விளக்கிலும், டிஎல்84 என்ற கடை விளக்கிலும், பையர் கேட்கும் மற்ற விளக்குகளிலும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு திருத்தி எழுதினால்:

“போலோ டீ-ஷர்ட். பாடி ஒரு நீலம், காலர் இன்னொரு நீலம். இரண்டுக்கும் ஓகே சொன்னது நான்.

பாடி துணியும் காலரும் தனித்தனியாகச் சாயமேறி வந்தன. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன், ஒன்றாகவே இருந்தன. லைட் பாக்ஸ் அடுத்த அறையில்தான் இருந்தது. ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டது என்று பார்க்காமல் கட்டிங்குக்கு விட்டேன். டிஎல்84 விளக்கில் காலர் சிவப்படித்தது. காலரைப் பிரித்து மாற்றினோம். கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது, செலவு கம்பெனி தலையில்.

இப்போது பாடியையும் காலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பையர் கேட்ட எல்லா விளக்கிலும் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டுக்கும் ஒரே சாயக் கலவை போட முடியுமா என்று லேப் டிப் கட்டத்திலேயே டையிங்கில் கேட்டுவிடுகிறேன். முடியாத ஷேடுகளில் இன்னமும் தலைவலிதான்.”

இதில் முழு எடையும் ‘லைட் பாக்ஸ் அடுத்த அறையில்தான் இருந்தது’ என்ற வாக்கியத்தின் மேல் நிற்கிறது. தவறான முடிவு எடுக்கப்பட்ட நொடி அது. கருவி இருந்தது, வழிமுறை தெரியும், அவசரத்தில் பத்தடி நடக்கவில்லை. படிக்கும் இன்னொரு மெர்ச்சண்டைசருக்கு இதே மாதிரி ஒரு மத்தியானம் நினைவுக்கு வரும். பையர் தரப்பில் ஒருவர் படித்தால், இந்த ஆள் இனி அந்த அறைக்குப் போவார் என்று அவருக்குத் தோன்றும். ஷிப்மென்ட் தேதியைச் சொன்னது சாக்காகத் தெரியாததற்குக் காரணம், ‘இரண்டுக்கும் ஓகே சொன்னது நான்’ என்பது அதற்கு முன்பே வந்துவிட்டதுதான். வரிசை மாறினால் அதே வாக்கியம் சாக்கு ஆகிவிடும்.

பாடமும் தவறின் அளவுக்கே இருக்கிறது. ஒரு காலரிலிருந்து வாழ்க்கைத் தத்துவம் வரவில்லை. கையெழுத்துக்கு முன் செய்யும் ஒரு சோதனை வந்திருக்கிறது, இன்னொருவர் அதை நாளைக் காலையே தன் டேபிளில் செய்து பார்க்கலாம். தலைவலி இன்னும் தீரவில்லை என்று ஒப்புக்கொண்ட வரியை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று முடியும் பதிவை அந்தத் துறையில் இருப்பவர்கள்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

லிங்க்டினில் ஒரு பதிவுக்கு 3,000 எழுத்துகள் வரை இடம் உண்டு. திரையில் முதலில் தெரிவதோ இரண்டு மூன்று வரிகள்தான், மீதிக்குப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வரிகளை ‘தோல்விகள்தான் நம்மைச் செதுக்குகின்றன’ என்பதற்குக் கொடுப்பது வீண். இரண்டு நீலங்கள் அங்கேயே வந்துவிட வேண்டும். சஸ்பென்ஸ் வைக்கிறேன் என்று தவறைக் கடைசிக்குத் தள்ளுவதும் வேண்டாம். மறைத்து வைத்ததுபோல் ஆகும்.

பையர் பெயரும் ஆர்டர் எண்ணும் தொகையும் எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? பல கம்பெனிகளின் ஒப்பந்தங்களில் இவற்றை வெளியே சொல்லத் தடை உண்டு. நஷ்டஈட்டுப் பேச்சு முடியாமல் இருக்கும்போது இப்படி ஒரு பதிவு போட்டால், அதை எதிர்த்தரப்பு வாக்குமூலமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். கணக்கு முடிந்து, மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவதே சரி. இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தால், விமானச் செலவு வரை போன தவறை எடுக்காமல், சாம்பிள் கட்டத்திலேயே பிடிபட்ட சிறிய ஒன்றை எடுக்கலாம். அவருடைய மற்ற வேலையை இன்னும் யாரும் பார்த்ததில்லை.

போடுவதற்கு முன், அந்த ஆர்டரில் கூட இருந்த ஒருவரிடம் காட்டுங்கள். இந்தக் கதையில் அவர் டையிங் மாஸ்டர். அவர் பெரும்பாலும் காரணம் சொல்லும் வரியில்தான் விரலை வைப்பார். “கலவை வேறன்னு நான் அன்னிக்கே போன்ல சொன்னேனே சார், நீங்கதான் பரவால்ல, அனுப்புங்கன்னீங்க” என்று அவர் சொன்னால், அந்த போன் பேச்சும் பதிவுக்குள் வர வேண்டும், ஜன்னலோரத்துக்கு முந்தைய வரியாக.