அட்டையில் இருக்கும் எண் மட்டும் போதாது

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் பெங்களூரு போகாத குடும்பம் குறைவு. மாரடைப்பும் சிலருக்கு அங்கேயே வந்துவிடுகிறது. அங்குள்ள மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்து, கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஊருக்கு வந்த பிறகு மாத்திரை வாங்குவது பக்கத்து மெடிக்கலிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோதான். கொழுப்பு மாத்திரையின் வீரியம் யாருக்கும் தெரியாமல் குறைந்துபோவது பெரும்பாலும் இந்த இடமாற்றத்தில்தான்.

எப்படிக் குறைகிறது என்பதை ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். ஐம்பத்தைந்து வயது மேஸ்திரி. மாரடைப்பு வந்தபோது அவருடைய எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 150. பெங்களூருவில் ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். ஊர்க் கடையில் அந்த மாத்திரை இல்லை. “அதே இருபதுதாங்கண்ணா, இதுவும் கொழுப்பு மாத்திரைதான்” என்று அட்டோர்வாஸ்டாட்டின் 20 கொடுக்கிறார்கள். எண் மாறவில்லை, மாத்திரையும் அதே வகை. ஆனால் முதலாவது கெட்ட கொழுப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து 75 அளவுக்குக் கொண்டுவரக்கூடியது. இரண்டாவது சுமார் 40 சதவீதம்தான் குறைக்கும், அதாவது 90 அளவில் நிற்கும். மாரடைப்பு வந்தவருக்கு 70-க்குக் கீழே, முடிந்தால் இன்னும் கீழே கொண்டுவர வேண்டும் என்று இதய மருத்துவர்கள் முயல்கிறார்கள். மேஸ்திரி தினமும் தவறாமல் மாத்திரை போட்டும் அந்த இலக்கைத் தொடவில்லை. தொடவில்லை என்பதை உடம்பு காட்டாது, ரத்தப் பரிசோதனைதான் காட்டும்.

ஸ்டாட்டின் மாத்திரைகளை உயர், நடுத்தர, குறைந்த வீரியம் என்று மூன்றாகப் பிரிப்பது இந்தக் குழப்பத்துக்காகத்தான். மில்லிகிராம் எவ்வளவு என்று பார்க்காமல், கெட்ட கொழுப்பை எவ்வளவு குறைக்கிறது என்று பார்க்கும் கணக்கு அது. அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 2013-இல் வழிகாட்டுதலாக வெளியிட்ட இந்தப் பிரிவினையை நம் ஊர் மருத்துவர்களும் பின்பற்றுகிறார்கள்.

பாதி அல்லது அதற்கு மேல் குறைப்பது உயர் வீரியம். இதில் இரண்டே மருந்துகள்தான் உண்டு: அட்டோர்வாஸ்டாட்டின் 40 முதல் 80 வரை, ரோசுவாஸ்டாட்டின் 20 முதல் 40 வரை. வேறு எந்த ஸ்டாட்டினும் எந்த அளவிலும் இந்த வகுப்புக்குள் வராது.

30 முதல் 49 சதவீதம் குறைப்பது நடுத்தர வீரியம். அதே இரண்டு மருந்துகளின் சிறிய அளவுகள் இங்கே வருகின்றன: அட்டோர்வாஸ்டாட்டின் 10, 20, ரோசுவாஸ்டாட்டின் 5, 10. சிம்வாஸ்டாட்டின் 20 முதல் 40, பிராவாஸ்டாட்டின் 40 முதல் 80, பிட்டாவாஸ்டாட்டின் 1 முதல் 4 ஆகியவையும் இதே வகுப்பு. வெறும் 2 மில்லிகிராம் பிட்டாவாஸ்டாட்டின், 20 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினுடன் ஒரே வரிசையில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். 30 சதவீதத்துக்கும் கீழே குறைப்பது குறைந்த வீரியம்: சிம்வாஸ்டாட்டின் 10, பிராவாஸ்டாட்டின் 10 முதல் 20. இவற்றை இப்போது அதிகம் எழுதுவதில்லை. பெரிய அளவு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருத்துவர் தேர்வு செய்யலாம்.

எண்ணிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. ஆஸ்பிரினையும் அட்டோர்வாஸ்டாட்டினையும் ஒன்றாகச் சேர்த்த கேப்சூல் நம் கடைகளில் நிறைய விற்கிறது. அட்டையில் 75/10 அல்லது 75/20 என்று இருக்கும். பெரிதாகத் தெரியும் 75 ஆஸ்பிரினின் அளவு, பின்னால் வரும் எண்தான் கொழுப்பு மருந்து. 75/40 எழுதிய சீட்டுக்கு 75/10 வாங்கி வந்தால் உயர் வீரியத்திலிருந்து நடுத்தரத்துக்கு இறங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

அரசு மருத்துவமனைப் பக்கம் வருவோம். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு மாரடைப்பு என்று தெரிந்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எட்டு. அந்த எட்டும் சேர்ந்து 80 மில்லிகிராம், அதாவது உயர் வீரியத்தின் உச்சம். அது அந்த ஒரு வேளைக்கான அவசர அளவு, வீட்டில் தானாகப் போட வேண்டியதல்ல. ஆனால் அங்கேயே ஒரு பாடம் கிடைக்கிறது: கையிருப்பு 10 மில்லிகிராம் மாத்திரையாக இருந்தாலும், எண்ணிக்கையைக் கூட்டித் தேவையான அளவைக் கொடுக்க முடியும். சீட்டில் 40 என்றிருக்க, இருப்பில் 10-தான் உள்ளது என்று தினம் ஒன்று வீதம் கொடுத்தால், “ஒன்றா, நாலா? டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க” என்று கேளுங்கள்.

எல்லோருக்கும் உயர் வீரியம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாரடைப்பு வராத, சர்க்கரை நோய் உள்ள நாற்பது முதல் எழுபத்தைந்து வயதுவரை உள்ள பலருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 அல்லது 20 பொருத்தமானதே. ஆசிய மரபினருக்கு ரோசுவாஸ்டாட்டின் ரத்தத்தில் கூடுதலாகச் சேர்வதால், 5 மில்லிகிராமில் தொடங்க யோசிக்கும்படி மருந்துக் குறிப்பே சொல்கிறது. சிறுநீரகம் பெரிதும் பழுதானவர்களுக்கு அது 10-ஐத் தாண்டக் கூடாது. பி.பி.க்கு அம்லோடிபின் எடுப்பவர் சிம்வாஸ்டாட்டின் 20-ஐத் தாண்டக் கூடாது. எனவே அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை.

இந்த மாத்திரைகளால் வரக்கூடிய ஆபத்தின் அடையாளமும் தெரிந்திருக்க வேண்டும். காரணமில்லாமல் தொடை, தோள் தசைகள் கடுமையாக வலிப்பது, தளர்வது, சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போவது. இவை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளி, தொற்றுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் போன்ற மருந்து சேரும்போது இந்த ஆபத்து கூடும். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். லேசான வலிக்கு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ தொடர வழி இருக்கிறது.

இனி உரிமைகள். மருத்துவமனைப் பதிவேடுகளின் நகலை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை சொல்கிறது. பெங்களூரு சீட்டு தொலைந்திருந்தால் இதைக் கொண்டு கேட்கலாம். மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் விற்க வேண்டிய மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தானாக மாற்றித் தர மருந்துச் சட்ட விதிகள் இடம் தரவில்லை. மாற்றினால் மருந்தின் பெயர், அளவு, தொகுதி எண்ணுடன் பில் கேட்டு வாங்கி, சீட்டோடு சேர்த்து மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். அதனால் பாதிப்பு வந்திருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம், முதலில் வழி கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. அரசு நிலையங்களில் மாத்திரை இல்லை, அளவு குறைகிறது என்றால் 104-ஐ அழைத்துச் சொல்லலாம். விலைதான் தடை என்றால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் அதே மூலப்பெயரில், அதே அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மேஸ்திரியைப் போன்ற நிலையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டையும் இப்போது போடும் அட்டையையும் அருகருகே வைத்து, மருந்தின் பெயரையும் அளவையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் வேறு வகுப்பில் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அளவை மாற்றிய நாளிலிருந்து 4 முதல் 12 வாரத்துக்குள் எல்.டி.எல். பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பாதியாகக் குறைந்ததா இல்லையா என்பது அந்தத் தாளில் தெரிந்துவிடும்.