பால் பவுடருக்கு எவ்வளவு தண்ணீர்?

பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை, உப்புகள் எல்லாம் மீதிப் பதின்மூன்றுக்குள் அடங்கிவிடும். பவுடரைப் பாலாக்குவது இந்தக் கணக்கைத் திரும்பப் போடுவதுதான். கொழுப்பு நீக்காத பவுடர் 130 கிராமை 900 மில்லி தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பால் கிடைக்கும். பவுடரும் இடம் பிடிக்கும் என்பதால் முழு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் பால் சற்று நீர்த்துப்போகும்.

கரைக்கும்போது பெரும்பாலும் கட்டி தட்டுவதற்குக் காரணம் கொதிக்கிற தண்ணீர். பவுடர் குவியலின் வெளிப்பக்கம் உடனே நனைந்து பசையாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த பவுடரைத் தண்ணீர் தொடாமல் மூடிவிடுகிறது. பிறகு எவ்வளவு கலக்கினாலும் அந்த உருண்டைகள் எளிதில் உடையாது. கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீர் கொஞ்சம் எடுத்து, பவுடரைத் தோசை மாவுப் பதத்தில் குழைத்துக்கொண்டு, மீதித் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் வைத்திருந்தால் புரதம் நன்றாக ஊறி, மாவு வாடை குறையும். கண்ணாடி டம்ளரில் ஊற்றிச் சாய்த்தால் பக்கவாட்டில் மணல்போல் துகள் ஒட்டக்கூடாது. கரையாத துகள் அடியில் தங்கினால், அடுப்பில் முதலில் பிடிப்பது அதுதான்.

தேநீரின் கணக்கு வேறு. அதில் சாயமே தண்ணீர். இலங்கை வீடுகளில் கோப்பையில் பால்மாவையும் சீனியையும் போட்டு, மேலே சூடான சாயத்தை ஊற்றி ஆற்றுவது வழக்கம். பாதிக்குப் பாதி பால் சேர்ந்த 150 மில்லி தேநீருக்குச் சுமார் 10 கிராம், அதாவது தட்டி நிரப்பிய ஒன்றரை மேசைக்கரண்டி போதும். பாலைத் தனியே கரைத்துச் சாயத்தில் சேர்ப்பவர்கள், அதே 10 கிராமை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, மீதி அரைக் கோப்பைக்குச் சாயம் ஊற்றினால் கணக்கு ஒன்றாகவே வரும்.

தயிருக்குத் தண்ணீர் கூடினால் ஆடை மெலிந்து, வெட்டிய இடத்தில் நீர் விடும். 900 மில்லி தண்ணீருக்குப் பவுடரை 150 கிராமாக உயர்த்திக் கரைத்து, ஒரு கொதி வரவிட்டு, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் உறை ஊற்றலாம். டெய்ரி ஒயிட்னர் என்று எழுதிய பாக்கெட்டில் சர்க்கரை கலந்திருக்கும். அதில் உறைந்த தயிர் சோற்றுக்கு உதவாது. கொழுப்பு நீக்கிய பவுடரில் தயிர் கெட்டியாகவே உறையும், ஆனால் வழவழப்பு இருக்காது.

பாயசத்துக்கும் பால்கோவாவுக்கும் பாலைச் சுண்டவைப்பதே பெரிய வேலை. 200 கிராமை 600 மில்லியில் கரைத்தால் அதில் பாதிக்கு மேல் மிச்சமாகும். ஆனால் இவ்வளவு அடர்த்தியில் பால் சர்க்கரையும் கூடுதலாக இருப்பதால் அடி பிடிப்பது விரைவு. தீயைக் குறைத்து, அடி கனமான பாத்திரத்தில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கரைத்த பால் எதற்கானாலும் புதுப் பாலைப் போலவே கெடும், அன்றே பயன்படுத்தாவிட்டால் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.