நான்காவது ஆவர்த்தனத்தில் மூச்சு எங்கே போகிறது?

பைரவி ராகத்து ‘விரிபோணி’ வர்ணத்தைப் புதிதாகப் பாடும் மாணவியை எந்தப் பாட்டு வகுப்பிலும் பார்க்கலாம். பல்லவி நன்றாகவே வருகிறது. அனுபல்லவியில் குரல் கொஞ்சம் இறுகுகிறது. முக்தாயி ஸ்வரத்துக்கு வரும்போது ஒவ்வொரு வரியின் கடைசி இரண்டு ஸ்வரங்களும் காற்றில் கரைந்துபோகின்றன. சரணத்தைத் தொடுவதற்குள் தோள்கள் காதுவரை ஏறிவிடுகின்றன. ‘இன்னும் நல்லா மூச்சு இழுத்துக்கோ’ என்கிறார்கள் பக்கத்தில் இருப்பவர்கள். அவளும் இன்னும் நிறைய இழுக்கிறாள். நிலைமை இன்னும் மோசமாகிறது.

பச்சிமிரியம் ஆதியப்பையரின் இந்த வர்ணம் கண்ட ஜாதி அட தாளத்தில் அமைந்தது. இரண்டு லகு, இரண்டு திருதம். 5, 5, 2, 2 என்று மொத்தம் 14 எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு ஒரு நொடி என்று நிதானமாகப் பாடினால் ஓர் ஆவர்த்தனம் 14 நொடி. ஆதி தாள வர்ணம் பாடிப் பழகியவளுக்கு இந்த நீளம்தான் முதல் அதிர்ச்சி. அங்கே எட்டு எண்ணிக்கையில் தாளம் திரும்பிவிடும். இங்கே திரும்பவே மாட்டேன் என்கிறது.

இதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண உரப்பில் பாடும்போது குரல்நாண்களின் வழியே நொடிக்குச் சுமார் 150 மில்லி லிட்டர் காற்று வெளியேறுகிறது. 14 நொடிக்கு அது ஏறக்குறைய 2.1 லிட்டர். முழுதாக இழுத்து முழுதாக விட்டால் வளர்ந்த ஒரு பெண் வெளியேற்றக்கூடிய காற்று, உடல்வாகைப் பொறுத்து, 3 லிட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். ஆக ஓர் ஆவர்த்தனத்தை ஒரே மூச்சில் பாட முடியும். ஆனால் பையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். அடுத்த ஆவர்த்தனத்துக்கு முன் நிரப்பக் கிடைப்பதோ அரை நொடி.

அதற்காக முட்ட முட்ட இழுத்துக்கொள்வது தீர்வாகாது. காரணம் நுரையீரலின் இயல்பில் இருக்கிறது. நுரையீரலும் விலாக்கூடும் ரப்பரைப் போன்றவை. அளவுக்கு மீறி விரித்தால் சுருங்கத் துடிக்கும். அந்த விசை குரலுக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காற்றைத் தொண்டைக்குத் தள்ளும். பயிற்சி இல்லாத பாடகி அதைத் தடுக்கத் தொண்டையையே இறுக்குகிறாள். அதனால் வரியின் முதல் இரண்டு மூன்று எண்ணிக்கையில் குரல் கனத்தும் கரகரத்தும் கிளம்புகிறது. மறுமுனையில், பாதிக்கும் கீழே காற்று இறங்கியபின் ரப்பர் உதவாது. மிச்சத்தை வயிற்றுத் தசைகள்தான் பிழிந்து தள்ள வேண்டும். அங்கே சுருதி மெல்ல இறங்கும், கமகம் தட்டையாகும். இரண்டு முனைகளுக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் பாட்டு சுகமாக வரும். தம் கட்டிப் பாடுவதைச் சாதனையாக நினைப்பவர்கள் இந்தச் சுகமான பகுதியை ஒவ்வொரு வரியிலும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

1990இல் வந்த ‘கேளடி கண்மணி’ படத்தின் ‘மண்ணில் இந்தக் காதல்’ பாட்டுக்கு இதில் கொஞ்சம் பங்கு உண்டு. அதன் சரணத்தை ஒரே மூச்சில் பாட முயலாத பாட்டு ஆர்வலர் தமிழ்நாட்டில் குறைவு. அதில் ஒலிப்பதிவின் உதவியும் உண்டு என்பதை எஸ்.பி. பாலசுப்ரமணியமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மேடையில் வர்ணம் பாடுகிறவளுக்கு அந்த உதவி கிடையாது, தேவையும் கிடையாது.

மாணவி செய்ய வேண்டியது, ஆவர்த்தனத்தைப் பிரித்துக்கொள்வது. ஐந்து, ஐந்து, நான்கு என்று தாளமே வழி காட்டுகிறது. முதல் லகுவின் முடிவை ஒட்டி ஒரு மூச்சு, இரண்டாம் லகுவின் முடிவை ஒட்டி ஒரு மூச்சு, திருதங்கள் முடிந்ததும் ஒரு மூச்சு. ஐந்து நொடிக்கு முக்கால் லிட்டர் போதும்; கடைசி நான்குக்கு 600 மில்லி. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் இழுத்து விடும் மூச்சே அரை லிட்டர் இருக்கும். அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மிகச் சரியாக ஐந்தாவது எண்ணிக்கையில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. சொல் எங்கே முடிகிறது, கார்வை எங்கே விழுகிறது என்று பார்த்து ஓர் எண்ணிக்கை முன்போ பின்போ நகர்த்திக்கொள்ளலாம். சொல்லை நடுவில் வெட்டுவதைவிட, நீளும் உயிரெழுத்தில் ஒரு கார்வை முடிந்ததும் மூச்செடுத்து அதே உயிரிலேயே தொடர்வது மேல்.

இந்தக் குறி எல்லாம் பாட்டு நோட்டில் பென்சிலில் இருக்க வேண்டும். ஸ்வரத்தையும் சாகித்யத்தையும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளும் நம் மாணவர்கள், மூச்சை மட்டும் அந்தந்த நேரத்து அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். இது விசித்திரம்தான்.

பிரித்துப் பாடியும் நான்காவது ஆவர்த்தனத்தில் திணறல் வரலாம். வினோதமான திணறல் அது. நெஞ்சு நிறைந்திருக்கும், ஆனாலும் மூச்சு முட்டும். காற்று போதவில்லை என்று நினைத்து மாணவி மேலும் இழுப்பாள்; உள்ளே இடமிருக்காது. உண்மையில் அங்கே பழைய காற்று தேங்கியிருக்கிறது. சிறிய வரிகளில் கொஞ்சமே செலவழித்து, ஒவ்வோர் இடைவெளியிலும் மேலே மேலே ஊற்றிக்கொண்டே வந்தால், கரியமில வாயு கழியாமல் சேர்ந்துபோகும். மூச்சு முட்டும் உணர்வைத் தூண்டுவது பெரும்பாலும் அந்த வாயுதான். இதற்கு மருந்து வெளியே விடுவது. பல்லவி முடிந்து அனுபல்லவி தொடங்கும் இடத்திலோ, எத்துகட ஸ்வரம் முடிந்து சரணம் திரும்பிய பிறகோ ஓரிரு எண்ணிக்கை கிடைக்கும். அங்கே முதலில் மிச்சத்தை ஓசையில்லாமல் விட்டுவிட்டு, பிறகு எடுக்க வேண்டும்.

எடுக்கும் மூச்சு ஓசையில்லாமல் இருப்பது நல்ல அடையாளம். ‘ஹக்’ என்று சத்தம் கேட்டால் தொண்டை முழுதாகத் திறக்கவில்லை என்று பொருள். குறுகிய வழியில் காற்று உரசி உள்ளே போகிறது, தொண்டையும் காய்கிறது. மைக் முன்னால் அந்தச் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும்.

‘வயிற்றிலிருந்து பாடு’ என்று வாத்தியார்கள் சொல்வதைச் சிலர் வயிற்றை உப்பவைக்கும் உத்தரவாக எடுத்துக்கொள்கிறார்கள். காற்று வயிற்றுக்குள் போவதில்லை. நுரையீரலுக்கு அடியில் குடை விரித்தாற்போல இருக்கும் உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்குகிறது. அது அழுத்துவதால் வயிறு முன்னே வருகிறது. கீழ் விலா எலும்புகள் பக்கவாட்டில் அகல்கின்றன. பாடத் தொடங்கியதும் அந்த விலாக்கள் உடனே சரிந்துவிடாமல் மெல்ல இறங்க விடுவதுதான் முழு வித்தை. இரண்டு உள்ளங்கைகளையும் கீழ் விலாவின் பக்கங்களில் வைத்தால் இது கைக்குத் தெரியும். அப்படி வைத்துக்கொண்டு ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராகக் காற்றை விட வேண்டும். பத்து நொடியில் ஆரம்பித்து, சில வாரங்களில் பதினைந்து, இருபது என்று போகலாம். எத்தனை நொடி என்பதைவிட, ஓசை முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவில் இருக்கிறதா என்பதே சோதனை. நாலைந்து முறை போதும்; தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் உட்காரும் விதம் கெடுத்துவிடும். கர்நாடக இசைக்கு இது தனிப் பிரச்சினை. மேடையில் நின்று பாடுகிறவருக்கு இடுப்பு தானாக நேராக இருக்கும். சம்மணம் போட்டு உட்காருகிறவருக்கு அப்படியில்லை. நாற்காலியிலேயே வளர்ந்த இன்றைய பிள்ளைகளுக்குத் தரையில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயரமாக நிற்கும். அப்போது இடுப்பெலும்பு பின்பக்கம் சாயும், முதுகு வளையும், விலாக்கூடு வயிற்றின் மேல் வந்து உட்காரும். உதரவிதானம் இறங்க இடமில்லை. உடம்பு வேறு வழியில்லாமல் தோளைத் தூக்கி மேல் நெஞ்சில் மூச்செடுக்கிறது. ‘தோளைத் தூக்காதே’ என்று நூறு முறை திட்டியும் மாறாததற்கு இதுவே காரணம். தோள் குற்றவாளியே அல்ல.

இதற்கு வேண்டியது நான்கு விரல் உயரத்துக்கு மடித்த ஒரு ஜமுக்காளம். அதன் முன்விளிம்பில் உட்கார வேண்டும், நடுவில் அல்ல. உட்காரும் எலும்புகள் இரண்டும் மேட்டில் இருக்க, முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்து தரையை நோக்கிச் சாயும். இடுப்பு தானாகவே நிமிரும். விறைப்பாக நெஞ்சைத் தள்ளி உட்காருவது இதைவிடக் கெடுதல். அரை மணியில் முதுகு களைத்து, உடம்பு பழைய கூனலுக்கே திரும்பிவிடும். முழங்கால் வலி உள்ளவர் நாற்காலியில் உட்காரலாம். மூச்சுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

பிறகு கழுத்து. நோட்டும் செல்போனும் மடியிலோ தரையிலோ இருந்தால், பாடகி வர்ணம் முழுக்கக் குனிந்தே இருப்பாள். தாரஸ்தாயி வந்ததும் திடீரென்று தாடையை வானத்துக்கு உயர்த்துவாள். இரண்டு நிலையிலும் குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் இழுபடுகின்றன. நோட்டைப் பலகையில் ஏற்றிக் கண்ணுக்குச் சற்றுக் கீழே வைத்தால் பாதி பிரச்சினை தீரும். மைக்கையும் வாய்க்குக் கொண்டுவர வேண்டுமே தவிர, வாய் மைக்கைத் தேடிப் போகக்கூடாது. தாளம் போடும் கையும் கவனத்துக்குரியது. தொடையில் ஓங்கி அறைகிறவருக்கு ஒவ்வொரு தட்டுக்கும் தோள் குலுங்குகிறது. அந்தக் குலுக்கல் குரலில் கேட்கிறது. முழங்கைக்குக் கீழே மட்டும் அசைந்தால் போதும்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். உட்காரும் விதமும் மூச்சுக் குறிகளும் சரியாக இருந்தும், ஐந்து நொடி வரிக்கே காற்று தீர்கிறது, குரலோடு காற்றுச் சத்தமும் கலந்து வருகிறது என்றால், ஓட்டை குரல்நாண்களில் இருக்கலாம். அவை சரியாக மூடாதபோது செலவு நொடிக்கு 150 மில்லியைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். எவ்வளவு மூச்சுப் பயிற்சியும் அதை ஈடுகட்டாது. அப்படியான கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், பாட்டை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்றபடி, மாணவிக்கு இரண்டாம் காலத்தில் ஒரு நல்ல செய்தி காத்திருக்கிறது. அங்கே அதே ஆவர்த்தனம் ஏழு நொடியில் முடிகிறது. செலவு ஒரு லிட்டர்தான். முதல் காலத்துக்குப் போட்ட மூன்று குறிகளில் இரண்டை அழித்துவிடலாம். பென்சிலில் எழுதச் சொன்னது அதற்குத்தான்.