நடுவில் இருக்கும் விலை யாருடைய தேர்வு?

இணையத்தில் ஏதேனும் ஒரு சேவைக்குச் சந்தா கட்டப்போகிறவர் பெரும்பாலும் மூன்று கட்டங்களைத்தான் பார்க்கிறார். ஒரு பக்கம் குறைந்த விலையில் அடிப்படைத் திட்டம். மறுபக்கம் எல்லா வசதிகளும் கொண்ட விலை உயர்ந்த திட்டம். இரண்டுக்கும் நடுவே சற்றே பெரிய கட்டத்தில், வேறு வண்ணத்தில், ‘பலரும் தேர்ந்தெடுப்பது’ என்ற பட்டையோடு மற்றொரு திட்டம். வாங்குபவர்களில் பலர் நடுத் திட்டத்தையே எடுக்கிறார்கள். தமக்குத் தேவையானது அதுதான் என்று நம்பியே எடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் எவ்வளவு பங்கு அவர்களுடைய தேவையிலிருந்து வந்தது, எவ்வளவு அந்தப் பக்கத்தின் அமைப்பிலிருந்து வந்தது என்பதே இங்குள்ள கேள்வி. மாதந்தோறும் தானாகவே கணக்கிலிருந்து பணம் போகும் சந்தாக்களில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. ஒரு நிமிடத்தில் எடுத்த முடிவுக்குப் பல ஆண்டுகள் பணம் கட்ட நேரலாம்.

மூன்றாவது கேமரா செய்த வேலை

நடுவை நோக்கிய இந்தச் சாய்வை ஆராய்ச்சியாளர்கள் ‘சமரச விளைவு’ என்கிறார்கள். இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் சோதனையை இட்டமார் சைமன்சன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவினருக்கு மினோல்ட்டா நிறுவனத்தின் இரண்டு கேமராக்கள் காட்டப்பட்டன. ஒன்றின் விலை சுமார் 170 டாலர், மற்றொன்று சுமார் 240 டாலர். அந்தக் குழு சரிபாதியாகப் பிரிந்தது. இன்னொரு குழுவுக்கு அதே இரண்டோடு சுமார் 470 டாலர் விலையுள்ள மூன்றாவது கேமராவும் காட்டப்பட்டது. இந்தக் குழுவில் 21 சதவீதத்தினர் புதிய கேமராவை எடுத்தார்கள். மலிவானதை எடுத்தவர்கள் 22 சதவீதம். நடுவிலிருந்த 240 டாலர் கேமராவை எடுத்தவர்கள் 57 சதவீதம்.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். புதிதாக வந்த கேமரா தனக்கான 21 சதவீதத்தைப் பழைய இரண்டிலிருந்தும் சமமாக எடுத்திருந்தால், அவை ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 40 சதவீதம் மிஞ்சியிருக்கும். விலை உயர்ந்த கேமராவுக்கு நெருக்கமானது 240 டாலர் கேமராதான் என்பதால், அதுவே அதிகம் இழந்திருக்க வேண்டும் என்றுகூட வாதிடலாம். நடந்ததோ நேர்மாறு. பெரிதும் இழந்தது மலிவான கேமரா. 240 டாலர் கேமராவில் எந்த மாற்றமும் இல்லை. அதன் விலையும் மாறவில்லை. மாறியது, அது வரிசையில் வகித்த இடம் மட்டுமே. முன்பு இரண்டில் விலை உயர்ந்ததாக இருந்தது, இப்போது நடுவானதாகிவிட்டது.

ஏன் இப்படி? ஒரு காரணத்தைச் சைமன்சன் 1989இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். நடுவிலிருப்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தேர்வை நியாயப்படுத்துவது எளிது. மலிவானதை எடுத்தால் தரத்தில் குறை வைத்தோமோ என்ற ஐயம்; விலை உயர்ந்ததை எடுத்தால் பணத்தை வீணடித்தோமோ என்ற ஐயம். நடுவிலிருப்பதை எடுத்தவருக்கு இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் பதில் தயாராக இருக்கிறது. இதை முழு அறியாமை என்று தள்ளிவிடவும் முடியாது. தமக்கு எவ்வளவு தேவை என்று தெரியாதவர், ‘சராசரி வாடிக்கையாளருக்காக வைத்தது நடுவில் இருக்கும்’ என்று ஊகிப்பதில் ஓரளவு நியாயம் உண்டு. சிக்கல் என்னவென்றால், மூன்றாவது விலையை எங்கே வைப்பது என்று முடிவுசெய்பவர் விற்பவர். எனவே எது நடு என்பதையும் அவரே முடிவுசெய்கிறார்.

எண்ணிக்கை மட்டும் போதாது

‘எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் நடுத் திட்டத்தையே எடுக்கிறார்கள்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், அது எதையும் நிரூபிப்பதில்லை. நடுத் திட்டம் உண்மையிலேயே பெரும்பாலோருக்குப் பொருத்தமானதாக இருக்கலாம். விளைவைக் கண்டறிய வேண்டுமானால், ஒரே காலத்தில், ஒரே மாதிரியான மக்களுக்கு இருவேறு பக்கங்களைக் காட்ட வேண்டும். யாருக்கு எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல்போலத் தற்செயலிடம் விட வேண்டும். சென்ற மாதம் இரண்டு திட்டங்கள், இந்த மாதம் மூன்று திட்டங்கள் என்று ஒப்பிட்டால், இடையில் வந்த தீபாவளி விற்பனையும் கணக்கில் கலந்துவிடும். ஒருவர் எத்தனை முறை திரும்பி வந்தாலும் அவருக்கு முதலில் காட்டிய பக்கமே தெரிய வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முதல் குழுவில் 10,000 பேருக்கு 200 ரூபாய், 400 ரூபாய் என இரண்டு திட்டங்கள் மட்டும் காட்டப்படுகின்றன. 240 பேர் முதலாவதையும், 160 பேர் இரண்டாவதையும் வாங்குகிறார்கள். இரண்டாவது குழுவில் 10,000 பேருக்கு அவற்றோடு 800 ரூபாய்த் திட்டமும் காட்டப்படுகிறது. 150 பேர் 200 ரூபாய்த் திட்டத்தையும், 190 பேர் 400 ரூபாய்த் திட்டத்தையும், 60 பேர் 800 ரூபாய்த் திட்டத்தையும் வாங்குகிறார்கள். இரு குழுக்களிலும் வாங்கியவர்கள் 400 பேர்.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது பழைய இரண்டு திட்டங்களுக்கு இடையிலான விகிதம். முதல் குழுவில் அவ்விரண்டை எடுத்தவர்களில் 40 சதவீதத்தினர் 400 ரூபாய்த் திட்டத்தை எடுத்தார்கள். இரண்டாவது குழுவில் அது 56 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளி, இத்தனை பேரிடத்தில், தற்செயலாக வருவது மிக அரிது. சாய்வு இருக்கிறது என்று சொல்லலாம்.

ஆனால், ‘மூன்றாவது திட்டத்தைச் சேர்த்ததால் நடுத் திட்டத்தின் விற்பனை 160லிருந்து 190ஆக உயர்ந்தது’ என்று அறிவிக்கலாமா? கூடாது. இப்படிப்பட்ட எண்ணிக்கைகள் தாமாகவே ஏறி இறங்கும். அந்த ஊசலாட்டத்தைத் தோராயமாக அறிய எளிய வழி ஒன்று உண்டு: இரண்டு எண்ணிக்கைகளையும் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். 350இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 19. வேறுபாடு இதைப் போல் இரு மடங்காக, அதாவது 38 அளவுக்கு இருந்தால்தான் நம்பத் தொடங்கலாம். இங்கே வேறுபாடு 30 மட்டுமே. ஒரே சோதனை, ஒரே எண்கள். ஒரு முடிவுக்குச் சான்று இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை. விற்பனைத் துறையினர் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

வருவாயிலும் ஒரு பாடம் உண்டு. முதல் குழு தந்தது மாதம் 1,12,000 ரூபாய்; இரண்டாவது குழு தந்தது 1,54,000 ரூபாய். 42,000 ரூபாய் கூடியிருக்கிறது. எனினும் 800 ரூபாய்த் திட்டம் மட்டுமே 48,000 ரூபாய் கொண்டுவந்திருக்கிறது. நடுத் திட்டம் கூடுதலாகத் தந்தது 12,000. அடிப்படைத் திட்டத்தில் இழந்தது 18,000. ‘நடுவை விற்கத்தான் மேல்தட்டு’ என்ற வழக்கமான பேச்சு இந்தக் கணக்கில் பொருந்தவில்லை. மேல்தட்டே பணம் ஈட்டியிருக்கிறது.

வரிசையை நகர்த்திப் பார்த்தல்

மேற்கண்ட சோதனையில் ஒரு சந்தேகம் எஞ்சுகிறது. சாய்வுக்குக் காரணம் நடு விலையா, அல்லது பளிச்சென்ற வண்ணமும் ‘பலரும் தேர்ந்தெடுப்பது’ என்ற பட்டையுமா? முதலில் பட்டையையும் வண்ணத்தையும் நீக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும். கட்டங்களின் வரிசையையும் சிலருக்கு மாற்றிக் காட்ட வேண்டும். 400 ரூபாய்த் திட்டம் ஓரத்தில் நின்றாலும் அதே அளவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால், ஈர்ப்பது திரையின் நடுவிடம் அல்ல, விலையின் நடுநிலை என்று தெரியும்.

இதைவிடக் கூர்மையானது விலை வரிசையையே நகர்த்தும் சோதனை. ஒரு குழுவுக்கு 200, 400, 800. மற்றொரு குழுவுக்கு 400, 800, 1,600. இரண்டிலும் பொதுவாக இருப்பவை 400, 800 ஆகிய திட்டங்கள். இவ்விரண்டுக்கும் இடையிலான விகிதத்தைப் பார்க்க வேண்டும். மக்கள் தேவையை மட்டுமே பார்த்து வாங்குபவர்களாக இருந்தால், 200 ரூபாய்த் திட்டம் மறைந்ததும் அதை விரும்பியவர்கள் 400க்கு வருவார்கள், அல்லது வாங்காமல் போவார்கள். 1,600 ரூபாய்த் திட்டத்தை நாடுபவர்களும் 800லிருந்தே போவார்கள். ஆகவே விகிதம் 400 பக்கம் சாய வேண்டும். மாறாக 800 பக்கம் சாய்ந்தால், வாங்குபவர்கள் தேடியது குறிப்பிட்ட வசதிகளை அல்ல, ‘நடு’ என்ற இடத்தை. இரண்டு விளக்கங்களும் எதிரெதிர்த் திசைகளைச் சுட்டுவதால், முடிவில் குழப்பத்துக்கு இடம் குறைவு.

அதன் பிறகும் ஒன்று பாக்கி. மூன்று, நான்கு மாதங்கள் கழித்து இரு குழுக்களிலும் எத்தனை பேர் சந்தாவை நிறுத்தினார்கள், எத்தனை பேர் கீழ்த் திட்டத்துக்கு இறங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். மூன்று திட்டங்களைப் பார்த்து நடுவை எடுத்தவர்கள், அதில் உள்ள வசதிகளைத் தொடாமலே விலகினால், அன்று கிடைத்த வருவாய் தேவையிலிருந்து வந்ததல்ல.

ஏமாற்றா, ஏற்பாடா?

மூன்று விலைகளை அடுத்தடுத்து வைப்பது குற்றமல்ல. ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க ஒன்றிய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் 13 வகை உத்திகளைப் பட்டியலிடுகின்றன. மூன்று அடுக்கு விலைப்பட்டியல் அவற்றில் இல்லை. அப்படி இல்லாதது சரியே. கடைக்காரர் தன் சரக்கை வரிசைப்படுத்தும் உரிமையை எடுத்துவிட முடியாது.

ஆனால் அந்தப் பட்டையின் நிலை வேறு. ‘பலரும் தேர்ந்தெடுப்பது’ என்பது சரக்கை அடுக்கும் விதமல்ல. உண்மையா பொய்யா என்று சரிபார்க்கத்தக்க கூற்று. எண்ணிப் பார்க்காமலே அதை ஒட்டினால் அது பொய்யான விளம்பரம். எண்ணிக்கை உண்மையாக இருந்தாலும், பட்டையும் வண்ணமும் நடுவிடமும் சேர்ந்து உருவாக்கிய எண்ணிக்கையையே அடுத்தவருக்குச் சான்றாகக் காட்டுவது நேர்மையாகாது. பட்டையும் வண்ணமும் இல்லாத, வரிசை கலைந்த பக்கத்தில் எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்ற எண்ணே அந்தச் சொற்களுக்கு ஆதாரமாக வேண்டும். கட்டுப்பாட்டு அமைப்புகள் இதைக் கேட்கத் தொடங்கினால், பதில் சொல்ல நிறுவனங்களிடம் போதிய தரவு இருக்கிறது.

வாங்குபவர் தன்னளவில் செய்யக்கூடிய சோதனையும் இதே தர்க்கத்தில் அமைந்ததுதான். விலைகளைப் பார்க்கும் முன்பே தேவையை எழுதிக்கொள்ள வேண்டும்: எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், எவ்வளவு சேமிப்பிடம், எந்த வசதி இல்லாமல் முடியாது. பிறகு, விலை உயர்ந்த கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மீதி இரண்டை மட்டும் ஒப்பிட வேண்டும். அப்போது கை மலிவான திட்டத்துக்குப் போய், மறைத்ததைத் திறந்ததும் நடுவுக்கு நகர்ந்தால், இடையில் மாறியது தேவை அல்ல.