50 கோடி ஆண்டு ரகசியமும் 45 நிமிட வகுப்பும்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு பஸ் ஏறும்போது ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்! பாதைக்காக வெட்டிய மலைச்சரிவில் இரண்டு பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழே கிரானைட், மேலே நகரி குவார்ட்சைட். இரண்டும் சேரும் கோட்டில் குறைந்தது 50 கோடி ஆண்டுக் கதை காணாமல் போயிருக்கிறது! இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்த இடம் இது.

சித்தூர், திருப்பதிப் பக்கத்து 9-ஆம் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? அந்தப் பாடத்துக்கான பாடக்குறிப்பை எழுதும் மேசைக்கே போய்விடுவோம், வாருங்கள். வகுப்பில் பிள்ளைகள் பார்க்காத வேலையெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

முதல் ரகசியம்: அந்தக் கோட்டின் பெயரும் வயதும் பாடத்தின் கடைசி வரிக்குப் போகின்றன. “இது ஒரு பெரிய கால இடைவெளி” என்று முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு “ஏன் இடைவெளி வந்தது?” என்று கேட்டாலும் பிள்ளைகள் நம் வாக்கியத்தைத்தான் திருப்பிச் சொல்வார்கள். “ஏன்” என்று தொடங்குவதாலேயே ஒரு கேள்வி பகுப்பாய்வுக் கேள்வி ஆகிவிடாது. விடையை ஏற்கெனவே சொல்லிவிட்டால் அதுவும் நினைவுக் கேள்விதான்!

அதற்காக நினைவுக் கேள்விகளைத் தூக்கி எறிய முடியாது. முதல் ஐந்து நிமிடம் அவற்றுக்கே. கிரானைட் எங்கே உருவாகிறது? பூமிக்குள் ஆழத்தில், குழம்பு மெல்லக் குளிர்ந்து. குவார்ட்சைட் முதலில் என்னவாக இருந்தது? தரைமேல் அடுக்கடுக்காகப் படிந்த மணல். இந்த இரண்டும் கையில் இல்லாமல் அடுத்த படியில் கால் வைக்க முடியாது.

பிறகு சரிவின் படம் கரும்பலகைக்கு வருகிறது. “எந்தப் பாறையில் அடுக்குகள் தெரிகின்றன?” எல்லோரும் மேலே கை காட்டுவார்கள். இப்போது வருகிறது பாடத்தின் உயிரான கேள்வி: “ஆழத்தில் உருவான பாறையின்மேல், தரையில் படியும் மணல் எப்படி நேராக வந்து உட்கார்ந்தது?”

இங்கே பாடக்குறிப்பின் ஓரத்தில் ஒரு வரி: “மூன்று விநாடி பேசாதே.” அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, காரணங்களும் கூடவே வந்தன. பதில் வந்த பிறகும் அதேபோலக் காத்திருக்க வேண்டும், அந்தப் பிள்ளையே தொடர்ந்து பேசுவதற்காக. கேள்வியை முதலில் வைத்து, பேரைப் பிறகு சொல்வதும் இதற்காகத்தான். பேரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

“மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போயிருக்கும் சார்” என்பாள் ஒருத்தி. “இல்லை சார், மணற்பாறைதான் முதலில். அடியிலிருந்து குழம்பு பிறகு ஏறியிருக்கலாம்” என்பான் இன்னொருவன். ஆகா! வகுப்பு இந்த இடத்துக்கு வரவேண்டும் என்றுதான் இவ்வளவு ஏற்பாடும். “சரி”, “தப்பு” இரண்டுமே சொல்லக் கூடாது. அடுத்த கேள்வி: “இருவரில் யார் சொல்வது உண்மை என்று கண்டுபிடிக்க அந்தக் கோட்டில் எதைத் தேடுவீர்கள்?” குழம்பு பிறகு ஏறியிருந்தால் மேல்பாறை வெப்பத்தில் வெந்த அடையாளம் இருக்கும், கிரானைட் நரம்புகள் மேலேயும் ஊடுருவியிருக்கும். கிரானைட் மூத்ததாக இருந்தால் அது தேய்ந்து உதிர்ந்த துண்டுகள் மேல்பாறையின் அடியடுக்கில் கிடக்கலாம். சான்றுகளைப் பிரித்து எடைபோடும் இந்த வேலையைத்தான் 1956-இல் ப்ளூம் குழுவினர் வகுத்த வரிசை பகுப்பாய்வு என்கிறது.

வழுக்கும் இடமும் ஒன்று உண்டு. வகுப்பு அமைதியானதும் பதறி, “மேலே இருந்தது அரித்துப் போயிருக்கும், இல்லையா?” என்று கேட்டால் போச்சு! “ஆமாம் சார்” என்ற கோரஸோடு பாடம் முடிந்துவிடும். நம் வாக்கியம் நீண்டு, அவர்கள் பதில் ஒரு சொல்லாகச் சுருங்கினால் வழுக்கிவிட்டோம் என்று பொருள். அப்போது விடையைக் கொடுக்காமல், பார்க்கவேண்டிய இடத்தைக் காட்டுங்கள்: “கிரானைட் உருவானபோது அதன் தலைமேல் என்ன இருந்திருக்கும்?” பி.எட். நுண்ணிலைக் கற்பித்தலில் பழகிய கிளர்வினா இங்கேதான் கைகொடுக்கும்.

கடைசி ஐந்து நிமிடத்தில்தான் ஆண்டுக் கணக்கும் பெயரும். அதற்குள் தேவையான காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்திருப்பார்கள்.

நாளைய பாடக்குறிப்பை எடுத்து, பாடநூலில் விடை அப்படியே இருக்கும் கேள்விகளுக்கு நேரே புள்ளி வையுங்கள். எல்லாவற்றிலும் புள்ளி விழுந்தால், ஒரே ஒரு கேள்வியை மாற்றுங்கள்: “இதை எதை வைத்துச் சொல்கிறாய்?”