இலக்கு ஒன்று, கேம்பெயின் மூன்று

கூகுளில் ஒருவர் 'தேக்குக் கட்டில்' என்று தேடும்போது, அந்தப் பக்கத்தில் இடம்பிடிக்க விளம்பரதாரர்களுக்குள் ஏலம் நடக்கிறது. எவ்வளவு கேட்பது என்பதை இப்போது பலர் கணினியிடமே விட்டுவிடுகிறார்கள். 'ஓர் ஆர்டருக்குச் சராசரியாக 400 ரூபாய் செலவாகலாம்' என்று இலக்கை மட்டும் சொன்னால் போதும், ஒவ்வொரு தேடலுக்கும் ஏலத்தொகையை அதுவே நிர்ணயிக்கும். டார்கெட் சிபிஏ என்பது இதுதான். இந்த இலக்கை ஒரே கேம்பெயினுக்கும் வைக்கலாம், பல கேம்பெயின்களுக்குப் பொதுவாகவும் வைக்கலாம். பொதுவாக வைப்பதைப் போர்ட்ஃபோலியோ பிட் ஸ்ட்ராட்டஜி என்கிறார்கள்.

பொது இலக்கு நன்றாகப் பொருந்தும் இடங்கள் உண்டு. ஒரு பயிற்சி மையத்துக்குப் பத்து ஊர்களில் கிளை இருக்கிறது, ஊருக்கொரு கேம்பெயின் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஊரிலும் அதே பாடம், அதே கட்டணம். ஒவ்வொன்றிலும் மாதத்துக்கு நான்கு பேர் சேர்கிறார்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கை, எதுவும் மாறாமலேயே அடுத்த மாதம் இரண்டாகவோ ஆறாகவோ ஆகிவிடும். அதைப் பார்த்து ஓர் ஊரில் ஏலத்தைக் குறைப்பதும் இன்னோர் ஊரில் கூட்டுவதும் தற்செயலின் பின்னால் ஓடுவதாகவே முடியும். பத்தையும் சேர்த்து மாதம் நாற்பது பேர் என்று பார்த்தால் ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கும். கேம்பெயின்கள் ஒரே மாதிரியானவை, ஒரு வாடிக்கையாளரின் மதிப்பும் எங்கும் ஒன்றே என்பதால்தான் இங்கே கூட்டல் பலிக்கிறது.

மரச்சாமான் கடை ஒன்றின் கணக்கு வேறுவிதமாகப் போகும். அதற்கு மூன்று கேம்பெயின்கள். பொது இலக்கு 400 ரூபாய். கடையின் பெயரையே தேடி வருவோருக்கான கேம்பெயினில் 9,000 ரூபாய் செலவு, 60 ஆர்டர். கட்டிலுக்கு 15,000 ரூபாய், 30 ஆர்டர். அலுவலக நாற்காலிக்கு 16,000 ரூபாய், 10 ஆர்டர். மொத்தம் 40,000 ரூபாய்க்கு 100 ஆர்டர். இலக்கு அச்சுப் பிசகாமல் எட்டப்பட்டதாக அறிக்கை காட்டும்.

ஆனால் ஒரு நாற்காலி ஆர்டரைப் பிடிக்க 1,600 ரூபாய் போயிருக்கிறது. அதில் கிடைக்கும் லாபம் 900 ரூபாய்தான் என்றால், ஒவ்வொரு ஆர்டரிலும் 700 ரூபாய் கைநஷ்டம். கடைப்பெயர்த் தேடலில் ஆர்டருக்கு 150 ரூபாயே ஆனதால் அந்த நஷ்டம் வெளியே தெரியவில்லை. அதை நீக்கிப் பார்த்தால் 31,000 ரூபாய்க்கு 40 ஆர்டர். ஆர்டருக்கு 775 ரூபாய். கட்டிலுக்கும் இதில் நியாயம் கிடைப்பதில்லை. ஒரு கட்டிலில் 2,000 ரூபாய் லாபம் வருமானால், இன்னும் தாராளமாக ஏலம் கேட்டு அதிக ஆர்டர் பிடித்திருக்கலாம். 400 என்ற பொது இலக்கு அதற்கு இடம்கொடுக்காது.

கடைப்பெயர்த் தேடலின் அந்த மலிவை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 2012இல் ஈபே நிறுவனம் தன் பெயருக்கான தேடல் விளம்பரங்களை யாஹூவிலும் எம்எஸ்என்னிலும் நிறுத்திப் பார்த்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் ஆகியோர் அதை ஆராய்ந்தார்கள். விளம்பரம் வழியே வந்திருக்கக்கூடிய கிளிக்குகளில் 99.5 சதவீதம், காசு கொடுக்காத சாதாரணத் தேடல் முடிவுகள் வழியாகவே வந்துசேர்ந்தன. ஈபே எல்லோரும் அறிந்த பெயர். சிறிய கடைக்கு அதே விகிதம் பொருந்தாது, போட்டிக்கடை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. என்றாலும், எப்படியும் வந்திருக்கக்கூடிய வாடிக்கையாளரைச் சராசரியில் சேர்ப்பதுதான் பலவீனமான கேம்பெயினுக்குக் கிடைக்கும் மிகப்பெரிய மறைப்பு. அதனால் கடைப்பெயர்க் கேம்பெயினை மற்றவற்றோடு ஒரே இலக்கில் கட்டக் கூடாது.

மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்க, பொது இலக்கின் அறிக்கையை விட்டுவிட்டு ஒவ்வொரு கேம்பெயினின் செலவையும் ஆர்டரையும் தனியே வகுத்துப் பார்க்க வேண்டும். கடைசிச் சில நாட்களை அதில் சேர்க்கக் கூடாது. கட்டில் வாங்குபவர் இன்று கிளிக் செய்து பத்து நாள் யோசித்துத்தான் ஆர்டர் கொடுப்பார். அதுவரை செலவு மட்டுமே கணக்கில் நிற்கும். பட்ஜெட்டையும் பார்க்க வேண்டும். இலக்கு பொதுவானாலும் பட்ஜெட் தானாகப் பொதுவாகிவிடாது. கட்டில் கேம்பெயினின் தினசரிப் பணம் மதியமே தீர்ந்துவிட்டால், நாற்காலியில் வீணாகும் பணம் அங்கே நகராது.

நாற்காலியைத் தனி இலக்குக்கு மாற்றினாலும் தீர்ப்புக்குக் காலம் எடுக்கும். குறைந்தது 30 ஆர்டராவது சேர்ந்த காலத்தை வைத்து எடைபோடும்படி கூகுளே சொல்கிறது. இந்த வேகத்தில் அதற்கு மூன்று மாதம் ஆகும். நஷ்டம் 21,000 ரூபாயைத் தொடும். அதற்கு முன்பே ஆர்டர் படிவமும் போன் அழைப்புகளும் சரியாகப் பதிவாகின்றனவா என்று சோதித்து, மக்கள் என்ன தேடி அந்த விளம்பரத்துக்கு வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்க்கலாம். அதில் 'நாற்காலி சக்கரம் ரிப்பேர்' போன்ற தேடல்கள் நிறைந்திருந்தால், அந்தச் சொற்களை விலக்குவதுதான் முதல் வேலை. இலக்கு எண்ணை மாற்றுவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.